கங்காணியின் முந்திய மணியும் நிலக்ஷியின் முழுப் பேரும்

கொட்டகலை பஸாரில் என் போன் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. மழை பெய்தால் தகரம் பேசுகிற பேச்சில் நம் பேச்சு கேட்காது. அந்த அறையைத்தான் ஜெயந்தினி வாடகைக்குக் கேட்டு வந்தாள். "நெட்வேர்க் நாலு கோடும் நிக்குமா நானா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி; நானா என்றால் எங்களில் அண்ணன். தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கவில்லை. சரியான பைத்தியம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று என் மனைவி ஜிப்ரியாவிடம் சொன்னேன்.

ஜெயந்தினி வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தோட்டத்து மனேஜர் பெரிய தொரை நாளைக்கே கடை வாசலில் வந்து நிற்பார், எனக்கு வேறு வேலை இருக்கிறது. இங்கேதான் படித்தாள், பிறகு கொழும்பில் ஒரு சொப்ட்வெயார் கம்பனியில் இருந்தாள். கொரோனா காலத்தில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. லயத்தில் சிக்னல் இல்லாததால் பகலெல்லாம் என் மேல்மாடியில் இருந்து வேலை செய்வாள், பொழுது சாய்ந்தால் பஸ் ஏறி வீட்டுக்குப் போவாள். முப்பத்துநாலு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் பேச்சு எடுத்தவருக்கே மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்பாள். வாய் அப்படி. ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய ஜிப்ரியாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவளும் அவள்தான். எனக்கு அவள் மேல் பிரியம், அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

அவள் செய்த பெரிய வேலை ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று, மலைக்குப் போய், சாயங்காலம் வரை கொழுந்தெடுத்தால் முழுப் பேர். பாதியில் போனால் அரைப் பேர். ஜெயந்தினியின் அம்மா ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்து வேலை செய்தும் கணக்கில் பேர் விழவில்லையாம். யாரோ மறந்துவிட்டார்கள். சண்டை போட்டும் பலன் இல்லை. அந்தக் கோபம் மகளின் வயிற்றில் அப்படியே கிடந்திருக்கிறது. தன் தோட்டத்துக்கே வரவு பதிகிற ஆப் ஒன்றைச் செய்து தருவதாகப் பெரிய தொரையிடம் தானே போய்க் கேட்டாள், அவரும் சரி என்றார்.

அந்த மலைகளில் சிக்னல் கிடையாது. அதனால் ஆப் இணையம் இல்லாமலே வேலை செய்யவேண்டும். வேலை வாங்குகிற ஒவ்வொரு மலைக் கங்காணியின் கையிலும் ஒரு போன், கொழுந்து எடைபோட்டு நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் கிஷாந்த் என்கிற பையனிடம் ஒரு போன். பகலில் எல்லாம் அந்தந்த போனுக்குள்ளேயே பதியும். சாயங்காலம் கோயில் வளைவுக்கு வந்தால் சிக்னல் பிடிக்கும், எல்லா போனும் பதிந்ததை மேலே அனுப்பும், ஒன்றில் இருப்பது மற்றதற்கும் வந்துவிடும். போன்கள் எல்லாம் என் கடை போன்கள். ஆரம்பித்த அன்று லயமே கோயில் வளைவில் திரண்டு நின்றது. "நம்ம புள்ள செஞ்சது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜெயந்தினி சிரித்ததை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. வந்தது, எங்கள் காதுக்கு வரவில்லை என்பதே உண்மை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கடைக்கு வந்தாள். சலாம் சொல்லவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. பேயறைந்த மாதிரி என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நானா, என் ஆப்பு ஒரு புள்ளட பாலப் பறிச்சிருச்சு" என்றாள்.

அவளுடைய தம்பி லோஜனுக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. அவன் மனைவி நிலக்ஷி அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். ஏழு மாதக் கைக்குழந்தை திலக்ஷன். பகலில் குழந்தை, ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் இருக்கும். மத்தியானக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு, தாய்மார் பிள்ளைமடுவத்துக்கு ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். அது அவர்களுக்கு உரிய நேரம், அதற்காகப் பேரைக் குறைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தினி வீட்டில் பார்த்தால், நிலக்ஷி போத்தலில் மாப்பால் கரைத்துக் கொண்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டிருக்கிறாள். மறுபடி மறுபடி கேட்டபிறகுதான் பதில் வந்திருக்கிறது.

"புள்ள மடுவத்துக்குப் போன நாளெல்லாம் அரைப் பேருதான் விழுது மதினி. அதான் போறத நிப்பாட்டிட்டேன். பாலும் இப்ப வத்திக்கிட்டு வருது."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் ஒங்களப் பெருமையாப் பேசுறாங்க. நானே போயி அத எப்படி மதினி கொற சொல்றது?"

இதைச் சொல்லும்போது ஜெயந்தினி அழுதுவிட்டாள். ஒரு தாய், நாத்தனாரின் பேர் கெடக்கூடாது என்று தன் பிள்ளையின் பாலை வாயைக் கட்டிக்கொண்டு விட்டுக்கொடுத்திருக்கிறாள். இந்த உலகத்தில் இப்படியும் ஜென்மங்கள் இருக்கின்றன, நாமோ ஒரு ரீலோட் கார்டுக்குக் கத்துகிறோம்.

கடையை ஜிப்ரியாவிடம் விட்டுவிட்டு, திரீவீலரை எடுத்தேன். இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம்.

அந்த மலைக்குக் கங்காணி அழகுமுத்து. நேர்மையான மனுஷன், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இரண்டாம் பெரட்டு எடுப்பார். அந்த நேரத்தில் மலையில் இல்லாதவர்களுக்கு அரைப் பேர் போடுவார். அது அவர் வேலை. பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறுக்கிற மடுவத்து வழியாகத்தான் மலைக்கு ஏறவேண்டும். அங்கே கிஷாந்த் அவர்களைப் பார்த்து, அரையை மாற்றி முழுப் பேர் என்று போடுவான். அது அவன் வேலை. இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கங்காணி வெட்டுகிறார் என்று கிஷாந்தும், பையன் போட மறக்கிறான் என்று கங்காணியும் நினைத்து, ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சை விட்டே மூன்று வாரம் ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஆறுதலாகப் பால் கொடுத்துவிட்டு ஆடி அசைந்து வருகிற தாய்மாருக்கு முழுப் பேர் விழுந்திருக்கிறது. மூச்சு வாங்க ஓடி வந்த நிலக்ஷிக்கு அரை. அரை விழ விழ அவள் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறாள், மறுபடியும் அரை.

ஜெயந்தினி கங்காணியின் போனை வாங்கிப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். திரும்பவும் அவருடையதைப் பார்த்தாள்.

"கங்காணி, ஒங்க போன்ல மணி அரை மணித்தியாலம் முந்தி ஓடுதே!"

"ஆமா, நான்தான் வச்சேன். மணிய முந்தி வைக்காம பெரட்டுக்கு நேரத்தோட வர ஏலுமா? லயத்துல எந்த வீட்டுலதான் சரியான மணி ஓடுது?" என்றார் அழகுமுத்து.

ஜெயந்தினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டு மணிக்கூடும் அப்படித்தான் நானா. அம்மா முந்தித்தான் வச்சிருப்பாங்க. கொழும்புக்குப் போயி மறந்தே போயிட்டேன்."

விஷயம் இதுதான். அவள் ஆப்பில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. முழு, அரை, இல்லை என்ற மூன்றில் ஒன்றும், வேலை செய்த மலையின் நம்பரும்தான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு போன்கள் அதே பெட்டியில் வெவ்வேறு விதமாகப் போட்டிருந்தால், எந்த போனின் மணி பிந்தியதோ அது நிற்கும், மற்றது அழிந்துவிடும். கங்காணி ஒரு மணிக்குப் போட்ட அரை, அவர் போன் கணக்கில் ஒன்றரை மணி. நிலக்ஷி ஓடோடி வந்து ஒன்றேகாலுக்குக் கிஷாந்திடம் நின்றால், அவன் போட்ட முழுப் பேர் பழசாகிவிடும். இரண்டு மணிக்கு அசைந்து வந்தவள் மட்டும் தப்பித்தாள். அழிந்தது எது, அழித்தது யார் என்று எங்கும் தடயம் கிடையாது.

"அப்ப லேசுதானே, மணியச் சரியா வச்சுப் பூட்டிருவோம்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

அவள் கடைக்கு வந்து, இரண்டு போன்களை மேசையில் வைத்தாள். இரண்டிலும் சரியான மணி, இரண்டிலும் சிக்னலை அணைத்துவிட்டாள். என்னைக் கங்காணியாக்கி நிலக்ஷிக்கு அரைப் பேர் போடச் சொன்னாள். அவள் கிஷாந்தாகி முழுப் பேர் போட்டாள். பிறகு, "மலை நம்பர் பிழையாப் போட்டுட்டீங்க கங்காணி, அத மட்டும் மாத்துங்க" என்றாள். மாற்றினேன். சிக்னலைத் திறந்ததும் நிலக்ஷிக்கு மறுபடியும் அரைப் பேர். நான் தொட்டது மலை நம்பரை மட்டும், ஆனால் ஆப் என் போனில் கிடந்த பழைய அரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய முழுவின் மேல் வைத்துவிட்டது.

"மணி இல்ல நானா பிழை. பெட்டிதான் பிழை" என்றாள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. கம்பனி வேலைக்கு லீவு போட்டாள். ஜிப்ரியா அனுப்புகிற சோறு ஆறிக் கிடக்கும். "சாப்பிட்டியா மகள்?" என்று கீழே இருந்து கத்தினால், "புள்ள சாப்பிட்டதா நானா?" என்று மேலே இருந்து பதில் வரும். குடைந்து குடைந்து தன்னையே கொன்றுகொண்டாள். ஒரு நாள் நானே ஏறிப் போய் ஏசினேன். "நீ பட்டினி கிடந்தா அந்தப் புள்ளைக்குப் பால் சுரக்குமா?" என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் சாப்பிட்டாள்.

புதிதாக அவள் செய்தது இது. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டாள். இனிமேல் எந்த போனும் எதையும் மாற்றாது, அழிக்காது. தன் கண்ணால் பார்த்ததை ஒரு வரியாகச் சேர்க்கும், அவ்வளவுதான். 'காலைப் பெரட்டில் பார்த்தேன், அழகுமுத்து.' 'இரண்டாம் பெரட்டில் பார்க்கவில்லை, அழகுமுத்து.' 'திரும்பி மலைக்கு ஏறினாள், கிஷாந்த்.' ஒவ்வொரு வரியிலும் அது எந்த போனின் எத்தனையாவது வரி என்ற அடையாளம் ஒட்டியிருக்கும். சிக்னல் அறுந்து ஒரே வரி இரண்டு தரம் போனாலும், இது ஏற்கெனவே வந்தது என்று தெரிந்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மேலே வந்துசேர்ந்தது என்று பதில் கிடைக்கும்வரை போன் தன்னிடம் உள்ளதை விடாது. எது முதலில் வந்தாலும் எது கடைசியில் வந்தாலும் எல்லா வரிகளும் ஒன்றாகச் சேரும், அதற்குப் பிறகுதான் அரையா முழுவா என்று கணக்குப் போடும். பிழையாக ஒரு வரி போட்டுவிட்டால்? 'என் இன்ன வரி பிழை' என்று அதே ஆள் இன்னொரு வரி சேர்க்கவேண்டும். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும்.

"அப்ப கங்காணி பார்க்கலன்னு சொல்றாரு, பையன் பார்த்தேன்னு சொல்றான். எது நிக்கும்?" என்று கேட்டேன்.

"பார்க்கலன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்ல நானா. ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னா, மத்தவர் பார்க்காதது அத வெட்டாது. யாருமே பார்க்கலன்னா, ஆப்பு தானா அரைன்னு போடாது. எல்லா வரியையும் கணக்கப்பிள்ளைகிட்ட காட்டும். அவரு கேட்டு விசாரிச்சு, தன்ட பேர்ல ஒரு வரி போடட்டும்."

நான் நிறையப் போன் பார்த்தவன், கேட்டவுடன் தலையாட்டுகிறவன் அல்ல. மூன்று போன்களில் மூன்று விதமாக மணியைக் குழப்பி வைத்தேன். ஒன்றை அனுப்பும்போது பாதியில் பற்றரியைக் கழற்றினேன். கடைசியை முதலிலும் முதலைக் கடைசியிலும் அனுப்பினேன். சனியன், எப்படிக் குழப்பினாலும் ஒரே பதில்தான் வந்தது. மூன்றாவது போன் யாருக்கு என்று கேட்டேன். பிள்ளைமடுவத்துக்கு என்றாள். கண்ணாடி கீறிய போன் ஒன்று என்னிடம் இருந்தது, அதைச் சும்மா கொடுத்தேன்.

பெரிய தொரைக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டிதான் சுத்தமாக இருந்தது, இது என்ன வரி வரியாக, மடுவத்து ஆயாவுக்கெல்லாம் எதற்கு போன் என்றார். ஜெயந்தினி வாதாடவில்லை. "சேர், பெட்டி வேணும்னா ஆப்பையே தூக்கிர்றேன். பால் குடுக்கப் போன தாய்க்கு அரைப் பேர் போட்ட ஆப்புல என் பேரு இருக்க ஏலாது" என்றாள். பாதிக் கோபத்தில் எழுந்தும் விட்டாள். அவர் உட்காரச் சொன்னார். பிறகு, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்றார்.

கங்காணிதான் அடுத்த மலை. வாசலிலேயே, "என்ட மணிய மாத்தச் சொல்ல வந்தீங்களா?" என்று முறைத்தார்.

"இல்ல கங்காணி. ஒங்க மணி ஒங்களுக்கு. ஒரு மணித்தியாலம்கூட முந்தி வைங்க, இனிமே எந்தப் பேரும் அதால கொறையாது. பார்த்தத பார்த்தேன்னும், பார்க்காதத பார்க்கலன்னும் போடுங்க, போதும்."

மனுஷன் முறைப்பதை விட்டார். "அப்ப அந்தப் புள்ளைக்கு அரை விழுந்தது என்னாலயா?" என்று கேட்டார்.

"என்னால, கங்காணி" என்றாள் ஜெயந்தினி.

முதல் நாள் மத்தியானம் நானும் போயிருந்தேன். லேசான தூறல். நிலக்ஷி கொழுந்தை எடைபோட்ட கையோடு பிள்ளைமடுவத்துப் படியில் வந்து நின்றாள், உள்ளே போகவில்லை.

"போடி" என்றாள் ஜெயந்தினி.

"இன்னைக்கும் அரை விழுந்தா மதினி?"

"விழாது."

"பால் வராட்டி?"

அதை எந்த ஆப்பில் போட்டுப் பார்ப்பது?

நான் ஆம்பிளை, வெளியே திரீவீலரில் உட்கார்ந்து கொண்டேன். காது மட்டும் உள்ளே இருந்தது. குழந்தை கத்துகிறான். போத்தலுக்குப் பழகியவன், தாயை வேண்டாம் என்கிறான். மடுவத்தைப் பார்த்துக்கொள்கிற நாகலெட்சுமி, "அவசரப்படாத புள்ள, அவன் மூக்குல கொஞ்சம் மணக்க விடு, தானா வருவான்" என்று சொல்கிற சத்தம் கேட்டது. கத்தல் கூடியது. ஜெயந்தினி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றாள். அப்போது பார்த்து மலையில் கங்காணியின் விசில், இரண்டாம் பெரட்டு.

"மதினி, பெரட்டு! நான் ஓடவா?" என்று நிலக்ஷியின் குரல் பதறியது.

"இருடி! அவரு பார்க்கலன்னு போடட்டும். நீ குடு!"

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும்தான். "புடிச்சிட்டான், புடிச்சிட்டான்" என்றாள் நாகலெட்சுமி. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஜெயந்தினி தூணிலேயே முகத்தை வைத்து அழுதாள், நான் பார்க்காத மாதிரி திரீவீலர் கண்ணாடியைத் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் கோயில் வளைவில் போன்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கங்காணியுடையது கடைசியாக வந்தது. நிலக்ஷி ஒதுங்கி நின்றாள். ஜெயந்தினி அவளைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினாள். நிலக்ஷியின் பேருக்கு மேலே 'முழு' என்று இருந்தது. அதன் கீழே வரிகள், அழகுமுத்து பார்க்கவில்லை என்று போட்டதும், கிஷாந்த் திரும்பி ஏறினாள் என்று போட்டதும் சேர்த்து. அழகுமுத்துவும் கிஷாந்தும் ஒரே போனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். "நீ போட்டுத்தான் இருந்திருக்க தம்பி" என்றார் கங்காணி, அவ்வளவுதான், ஆனால் அவனுக்கு வெற்றிலையை நீட்டினார்.

நிலக்ஷியின் கண் 'முழு'வில் நிற்கவில்லை. கீழே ஒரு வரியில் விரலை வைத்தாள். 'பால் கொடுக்க வந்தாள், நாகலெட்சுமி.'

"நான் புள்ளைக்குப் பால் குடுத்ததயும் இதுல எழுதியிருக்கா மதினி?"

"ஆமா."

"இத யாராவது அழிச்சிருவாங்களா?"

"யாராலயும் அழிக்க ஏலாது. என்னாலயும் ஏலாது."

நிலக்ஷி விரலை எடுக்கவில்லை. போனின் விளக்கு தானாக அணையப் பார்த்தது. ஜெயந்தினி அதைத் தட்டித் தட்டி எரியவிட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் நின்றாள்.